ஆய்லர் பாதை, மரம், நிறமிடல்: டிஸ்கிரீட் மேத்ஸ் அசைன்மென்ட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"நீங்களே ஒரு கிராஃப் எடுத்து விளக்குக" என்று கொடுத்திருக்கிறார்கள். மூன்று தலைப்புக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. ஒரே கிராஃபை மூன்றுக்கும் எடுத்தால், ஒரு தலைப்பில் கண்டுபிடித்தது அடுத்ததற்கும் கைகொடுக்கும். நான் இந்தப் பக்கம் முழுக்க தென்னிந்திய மாநிலங்கள் ஐந்தை எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு மாநிலமும் ஒரு முனை. இரண்டு மாநிலங்களுக்குப் பொது எல்லை இருந்தால் அவற்றுக்கு நடுவே ஒரு விளிம்பு. தமிழ்நாடு த, கேரளம் கே, கர்நாடகம் க, ஆந்திரம் ஆ, தெலங்கானா தெ என்று வைத்துக்கொண்டால் விளிம்புகள் ஏழு:

```
த–கே   த–க   த–ஆ
கே–க   க–ஆ   க–தெ   ஆ–தெ
```

தமிழ்நாடும் தெலங்கானாவும் தொடவில்லை. கேரளத்துக்கு ஆந்திரத்தோடும் தெலங்கானாவோடும் எல்லை கிடையாது. ஆக, கர்நாடகம் நடுவில் நின்று மற்ற நான்கையும் தொடுகிறது. அந்த நான்கும் கே–த–ஆ–தெ என்று ஒரு வரிசையாக நிற்கின்றன. தாளில் ஒரு விசிறி மாதிரி வரையலாம். பக்கத்தில் வரைந்து வைத்துக்கொண்டு படியுங்கள், மீதி எல்லாம் கண்ணுக்கே தெரியும்.

புதுச்சேரியை விட்டுவிட்டேன். அதற்குத் தனியாகக் கடைசியில் வருகிறேன்.

ஆய்லர் பாதை இருக்கிறது என்று காட்ட டிகிரி எண்ணினால் போதுமா?

டிகிரியோடு இன்னொன்றும் வேண்டும்: விளிம்புள்ள முனைகள் எல்லாம் ஒரே துண்டாக இணைந்திருக்க வேண்டும். இந்த வரியை எழுதாமல் விடுவதால்தான் பலருக்கு மதிப்பெண் போகிறது. தனித்தனியாகக் கிடக்கும் இரண்டு முக்கோணங்களை எடுங்கள். எல்லா முனைக்கும் டிகிரி 2, அதாவது இரட்டை. ஆனால் ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போக வழியே இல்லை.

நம் கிராஃபில் டிகிரிகள் த 3, கே 2, க 4, ஆ 3, தெ 2. கூட்டினால் 14. இது விளிம்புகளின் எண்ணிக்கையான 7-இன் இரு மடங்கா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் எங்கோ எண்ணும்போது ஒரு விளிம்பு தவறியிருக்கிறது. இங்கே சரியாக வருகிறது. ஒற்றை டிகிரி உள்ளவை த, ஆ இரண்டு மட்டும். கிராஃபும் இணைந்தது. அதனால் ஆய்லர் பாதை உண்டு. அது த-வில் தொடங்கி ஆ-வில் முடியும், அல்லது எதிர்த்திசையில் போகும். தொடங்கிய இடத்துக்கே திரும்பும் ஆய்லர் சுற்று கிடையாது.

காரணத்தை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். பாதை ஒரு முனையைக் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என இரண்டு விளிம்புகள் செலவாகின்றன. தொடக்கமாகவும் முடிவாகவும் இருக்கும் முனைகளில்தான் ஒன்று தனியாக மிஞ்ச முடியும். கோனிக்ஸ்பர்க் நகரத்தின் ஏழு பாலங்களையும் ஒரே நடையில் கடக்க முடியாது என்று ஆய்லர் 1736-இல் காட்டியது இதை வைத்துத்தான். அங்கே நான்கு நிலப்பகுதிகளின் டிகிரி 5, 3, 3, 3. நான்குமே ஒற்றை. நம் கிராஃபிலும் ஏழு விளிம்புதான் என்றாலும் ஒற்றை முனை இரண்டே என்பதால் இங்கே நடை கிடைக்கிறது.

டிகிரி எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் வரைந்துகொண்டே போனால் நடுவில் மாட்டிக்கொள்கிறேன். ஏன்?

பாதை இருக்கிறது என்றால், எந்தப் பக்கம் போனாலும் கிடைத்துவிடும் என்று அர்த்தமில்லை. த-வில் தொடங்கி இப்படிப் போய்ப் பாருங்கள்: த–ஆ–தெ–க–ஆ. நான்கு விளிம்பு முடிந்தது. ஆ-வின் மூன்று விளிம்புகளும் தீர்ந்துவிட்டன, இனி நகர முடியாது. ஆனால் த–கே, கே–க, க–த மூன்றும் பாக்கி.

இங்கே அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டாம். மிச்சமிருக்கும் மூன்றையும் கவனியுங்கள், அவை ஒரு முக்கோணம். மிச்ச கிராஃபில் எல்லா டிகிரியும் இரட்டையாகத்தான் இருக்கும், அதனால் அது சுற்றுகளாகவே பிரியும். கிராஃப் இணைந்தது என்பதால் அந்தச் சுற்றுகளில் ஒன்றாவது ஏற்கெனவே போன பாதையை எங்காவது தொட்டே ஆக வேண்டும். இங்கே க-வில் தொடுகிறது. பாதை க-வுக்கு வந்ததும் அந்த முக்கோணத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, அப்புறம் ஆ-வுக்குப் போனால் சரி:

```
த–ஆ–தெ–க–த–கே–க–ஆ
```

ஏழு விளிம்பும் ஒரே ஒரு முறை வந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக டிக் அடித்துப் பாருங்கள். இதுதான் ஹயர்ஹோல்சர் முறை. ஒற்றை டிகிரி இரண்டுக்கு மேல் இல்லாவிட்டால் பாதை உறுதியாக உண்டு என்ற மறுபாதியின் முழு நிரூபணமும் இதே யோசனைதான். அது அச்சில் வந்தது 1873-இல். அதனால் விடைத்தாளில் "பாதை உண்டு" என்று தேற்றத்தைச் சொன்னதோடு நிறுத்தாமல், பாதையையும் எழுதிக் காட்டுங்கள்.

ஒற்றை டிகிரி முனை ஒன்று மட்டும் இருந்தால்?

அப்படி ஒரு கிராஃப் கிடையாது. டிகிரிகளின் கூட்டுத்தொகை எப்போதும் இரட்டை எண். ஒற்றை முனைகளும் அதனால் இரட்டை எண்ணிக்கையில்தான் வரும். உங்களுக்கு ஒன்றோ மூன்றோ வந்தால் திரும்ப எண்ணுங்கள்.

ஆய்லர் பாதைக்கும் ஹாமில்டன் பாதைக்கும் குழப்பம் வருகிறது.

ஆய்லர் என்றால் ஒவ்வொரு விளிம்பும் ஒரு முறை. ஹாமில்டன் என்றால் ஒவ்வொரு முனையும் ஒரு முறை. மேலே எழுதிய பாதையில் த, ஆ இரண்டும் இரண்டு தடவை வருகின்றன, க-வும் அப்படியே. ஆய்லர் பாதையில் அது பரவாயில்லை. கே–த–ஆ–தெ–க என்று போய் மறுபடி கே-க்கு வந்தால் அது ஹாமில்டன் சுற்று. அதில் த–க, க–ஆ இரண்டும் தொடப்படவே இல்லை. ஆய்லருக்கு டிகிரி பார்த்தே சொல்லிவிடலாம், ஹாமில்டனுக்கு அப்படி ஒரு எளிய சோதனை தெரியாது.

n முனை, n − 1 விளிம்பு. அப்படியானால் அது மரம்தானே?

இல்லை. இந்த ஒரு வரியை எழுதிவிட்டு முடித்துவிடுபவர்கள் ஏராளம். நம் ஐந்து முனைகளிலேயே த–கே, கே–க, க–த, ஆ–தெ என்ற நான்கு விளிம்புகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து முனை, நான்கு விளிம்பு, கணக்கு சரி. ஆனால் ஒரு பக்கம் முக்கோணம் சுற்றாக நிற்கிறது, ஆந்திரமும் தெலங்கானாவும் தனியாகக் கிடக்கின்றன. மரம் இல்லை.

மூன்று குணங்கள் இருக்கின்றன: இணைந்திருப்பது, சுற்று இல்லாதது, விளிம்புகள் n − 1 என்பது. இவற்றில் எந்த இரண்டைக் காட்டினாலும் மூன்றாவது தானாக வரும். ஒன்றை மட்டும் காட்டினால் எதுவும் வராது. அதனால் கேள்வியில் எந்த இரண்டு சுலபமாகக் கிடைக்கிறது என்று பாருங்கள். விளிம்புகளை எண்ணுவது எப்போதும் சுலபம். சுற்று இல்லை என்று தேடுவதுதான் கஷ்டம். எண்ணிக்கையையும் இணைப்பையும் காட்டிவிட்டால் அந்தத் தேடலே தேவைப்படாது.

மரத்துக்கு n − 1 விளிம்பு என்று இண்டக்‌ஷனில் நிரூபித்தேன். கடைசி படியைத் தப்பு என்று சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறார்கள்.

அனேகமாக நீங்கள் எழுதியது இப்படி இருக்கும்: "k முனையுள்ள மரத்தை எடுப்போம். அதில் ஒரு முனையும் ஒரு விளிம்பும் சேர்த்தால் k + 1 முனை, k விளிம்பு." கணக்கு சரி, ஆனால் நிரூபணம் இல்லை. k + 1 முனையுள்ள எல்லா மரங்களும் இப்படிச் சேர்த்துத்தான் உருவாகும் என்று நீங்கள் எங்கும் சொல்லவில்லை. நீங்கள் கட்டிய மரங்களைப் பற்றி மட்டும் பேசியிருக்கிறீர்கள்.

திசையைத் திருப்புங்கள். k + 1 முனையுள்ள ஏதோ ஒரு மரத்தை எடுங்கள், அதில் k + 1 குறைந்தது 2. அதில் உள்ள பாதைகளிலேயே மிக நீளமானதைப் பாருங்கள். அதன் கடைசி முனைக்கு டிகிரி 1-தான். இன்னொரு விளிம்பு இருந்தால், அது பாதையில் உள்ள வேறொரு முனைக்குப் போகும், அப்போது சுற்று வந்துவிடும். அல்லது புது முனைக்குப் போகும், அப்போது பாதை இன்னும் நீளும். இரண்டும் நடக்காது. அந்த இலையையும் அதன் ஒரே விளிம்பையும் எடுத்துவிடுங்கள். இலை வழியாக யாரும் கடந்து போவதில்லை என்பதால் மீதி இன்னும் இணைந்திருக்கும், எடுத்ததால் புதிதாகச் சுற்றும் வராது. ஆக மீதி k முனை மரம், அதில் k − 1 விளிம்பு. எடுத்ததைச் சேர்த்தால் k. இப்போது எந்த மரமும் விடுபடவில்லை.

கிராஃப் தியரியில் இண்டக்‌ஷன் என்றாலே பெரியதை எடுத்துச் சிறியதாக்குங்கள். சிறியதில் சேர்த்துப் பெரியதாக்க வேண்டாம்.

"டிகிரி 3 உள்ள முனை மூன்று, டிகிரி 4 உள்ள முனை இரண்டு, மீதி எல்லாம் இலை" என்று ஒரு கணக்கு. இலை எத்தனை?

9. இலைகளை L என்று வையுங்கள். முனைகள் L + 5, அதனால் விளிம்புகள் L + 4. டிகிரிகளின் கூட்டுத்தொகை L + 9 + 8, இது 2(L + 4)-க்குச் சமம். அவ்வளவுதான்.

நம் கிராஃபில் எத்தனை ஸ்பானிங் ட்ரீ? ஏழில் நான்கு விளிம்பைத் தேர்ந்தெடுத்தால் 35 வருகிறது, சரியா?

35 தேர்வுகள் உண்டு, ஆனால் எல்லாம் மரம் அல்ல. ஐந்து முனைக்கு நான்கு விளிம்பு எடுத்திருக்கிறோம் என்பதால், சுற்று இல்லாவிட்டால் அது மரம். சுற்று உள்ளவற்றைக் கழிக்க வேண்டும்.

மூன்று முக்கோணங்கள் இருக்கின்றன: த-கே-க, த-க-ஆ, க-ஆ-தெ. ஒரு முக்கோணத்தை எடுத்தபின் நான்காவது விளிம்பை மீதி நான்கில் எதுவாகவும் எடுக்கலாம். ஆக 3 × 4 = 12. இதில் எதையும் இரண்டு தடவை எண்ணிவிட்டோமா? இரண்டு முக்கோணங்கள் சேர்ந்து இருக்க ஐந்து விளிம்பாவது வேண்டும், நம்மிடம் நான்குதான். எனவே இல்லை. அப்புறம் நான்கு விளிம்பே ஒரு சுற்றாக அமைவது: கே-த-ஆ-க ஒன்று, த-ஆ-தெ-க ஒன்று. மொத்தம் கழிப்பது 14. விடை 21.

டிட்டர்மினன்ட் வைத்துக் கணக்கிடும் கிர்ச்சாஃப் முறையிலும் இதே 21 வர வேண்டும். பாடத்தில் அந்த முறை இருந்தால் அதையும் போட்டுச் சரிபாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. "ஐந்து முனையுள்ள மரங்கள் எத்தனை" என்ற கேள்வி வேறு. முனைகளுக்குப் பெயர் இருந்தால் கெய்லி சூத்திரப்படி 5³ = 125. பெயர் இல்லாமல் வடிவத்தை மட்டும் பார்த்தால் மூன்றே மூன்று. கேள்வியில் பெயரிட்ட முனை என்று இருக்கிறதா என்று படித்துவிட்டு எழுதுங்கள்.

மரத்தில் ஆய்லர் பாதை வருமா?

ஒவ்வொரு இலையும் ஒற்றை டிகிரி முனை. அதனால் இலை இரண்டுக்கு மேல் இருந்தால் வராது. இரண்டே இலை உள்ள மரம் என்பது கிளையே இல்லாத நேர்கோடு, அதில் மட்டும் வரும். நல்ல கேள்வி இது. இரண்டு தலைப்பையும் சேர்த்துக் கேட்க நினைப்பவர்கள் இதைத்தான் கேட்பார்கள்.

நிறமிட்டுப் பார்த்தேன், நான்கு நிறம் ஆனது. நண்பருக்கு மூன்றே வந்தது. யார் சரி?

இரண்டு பேரின் நிறமிடலும் தவறாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் குரோமாட்டிக் எண் என்பது குறைந்தபட்சம். நீங்கள் அனேகமாக முனைகளை ஒரு வரிசையில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அக்கம்பக்கத்தில் இல்லாத மிகச் சிறிய எண்ணைக் கொடுத்துக்கொண்டே போயிருப்பீர்கள். இதைக் கிரீடி முறை என்பார்கள். இதில் வரிசைதான் விடையைத் தீர்மானிக்கிறது.

கே, தெ, த, ஆ, க என்ற வரிசையில் போய்ப் பாருங்கள். கே-க்கு 1. தெ அதைத் தொடவில்லை, அதற்கும் 1. த-வுக்குப் பக்கத்தில் கே இருக்கிறது, எனவே 2. ஆ-வுக்கு ஒரு பக்கம் த-வின் 2, மறுபக்கம் தெ-யின் 1. எனவே 3. கடைசியில் கர்நாடகம் வருகிறது. அது நான்கையும் தொடுகிறது, 1, 2, 3 மூன்றும் போய்விட்டன. 4 கொடுத்தே ஆக வேண்டும்.

இப்போது கர்நாடகத்தை முதலில் எடுங்கள். க 1, கே 2, த 3, ஆ 2, தெ 3. முடிந்தது, மூன்று நிறம். எல்லோரையும் தொடும் முனையைக் கடைசிவரை தள்ளிவைத்ததுதான் முதல் வரிசையில் நடந்த கோளாறு. டிகிரி அதிகமானதிலிருந்து தொடங்கும் பழக்கம் பெரும்பாலும் நல்லது, ஆனால் அதுவும் எப்போதும் குறைந்ததைத் தரும் என்று உத்தரவாதம் கிடையாது.

இதோடு விடை முடியவில்லை. மூன்று போதும் என்றுதான் காட்டியிருக்கிறோம். இரண்டு போதாது என்பதையும் எழுத வேண்டும்: த, கே, க மூன்றும் ஒன்றையொன்று தொடுகின்றன, அதற்கு மூன்று நிறம் கட்டாயம். இரண்டு பாதியும் சேர்ந்தால்தான் χ = 3 என்று எழுதலாம்.

ஒன்றையொன்று தொடும் நான்கு முனை, அதாவது K₄, கிராஃபில் இல்லை. அப்படியானால் மூன்று நிறம் போதும் என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். K₄ இருந்தால் நான்கு நிறம் வேண்டும் என்பது உண்மை. இல்லாவிட்டால் வேண்டாம் என்பது உண்மையில்லை. இதற்கு உதாரணம் நம் நாட்டு வரைபடத்திலேயே இருக்கிறது.

சத்தீஸ்கரைப் பாருங்கள். அதைச் சுற்றி மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், தெலங்கானா, ஆந்திரம், ஒடிசா, ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம் என ஏழு மாநிலங்கள். இந்த ஏழும் இதே வரிசையில் ஒன்றையொன்று தொட்டு, உத்தரப் பிரதேசம் மறுபடி மத்தியப் பிரதேசத்தைத் தொட்டு வளையமாக மூடுகின்றன. வளையத்தில் இருப்பது ஒற்றை எண்ணிக்கை. இரண்டு நிறத்தை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டே வந்தால் ஏழாவதற்கு வரும்போது முதலாவதோடு இடிக்கும், மூன்றாவது நிறம் வேண்டியிருக்கும். நடுவில் உள்ள சத்தீஸ்கர் ஏழையும் தொடுவதால் அதற்கு நான்காவது. இந்த எட்டு மாநிலங்களில் எந்த நான்கும் ஒன்றையொன்று முழுக்கத் தொடவில்லை, ஆனாலும் மூன்று நிறம் போதவில்லை.

2014 ஜூன் 2-க்கு முன் தெலங்கானா தனி மாநிலம் இல்லை. அப்போது வளையத்தில் ஆறு மாநிலம்தான். ஆறு இரட்டை எண், வளையத்துக்கு இரண்டு நிறம், நடுவுக்கு ஒன்று. இந்தப் பகுதிக்கு மூன்றே போதுமாக இருந்தது. ஒரு மாநிலப் பிரிவினை குரோமாட்டிக் எண்ணை மாற்றியிருப்பதை அசைன்மென்ட்டில் எழுதினால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

நம் ஐந்து மாநிலத்தில் இந்தச் சிக்கல் ஏன் வரவில்லை? கர்நாடகத்தைச் சுற்றி உள்ள நான்கும் வளையமாக மூடவில்லை, கே–த–ஆ–தெ என்று திறந்த வரிசையாகவே நிற்கின்றன. திறந்த வரிசை ஒரு மரம். மரத்துக்கு எப்போதும் இரண்டு நிறம் போதும்.

நான்கு நிறத் தேற்றத்தைச் சொல்லி "வரைபடம், அதனால் 4" என்று எழுதலாமா?

அது மேல்வரம்பு மட்டும். நான்குக்கு மேல் வேண்டாம் என்று சொல்கிறது, நான்கு வேண்டும் என்று சொல்லவில்லை. அப்பலும் ஹாக்கனும் 1976-இல் கணினி உதவியோடு நிரூபித்த தேற்றம் அது. உங்கள் கிராஃப் விளிம்புகள் வெட்டாமல் வரையக்கூடியதாக இருந்தால் மேற்கோள் காட்டலாம், அப்போதும் கீழ்வரம்பை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

புதுச்சேரியைச் சேர்த்தால் என்ன ஆகும்?

புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டை ஒட்டியவை, மாஹே கேரளத்தை, ஏனாம் ஆந்திரத்தை. நான்கு துண்டுகளையும் ஒரே முனை பு என்று வைத்தால் பு–த, பு–கே, பு–ஆ என மூன்று விளிம்பு கூடுகிறது. இப்போது டிகிரிகள் த 4, கே 3, க 4, ஆ 4, தெ 2, பு 3. ஒற்றை முனைகள் மறுபடி இரண்டுதான், ஆனால் ஆள் மாறிவிட்டார்கள். ஆய்லர் பாதை இனி கேரளத்தில் தொடங்கிப் புதுச்சேரியில் முடியும். முந்தைய பாதையின் நுனியில் புது விளிம்புகளை ஒட்டப் பார்க்காதீர்கள், புதிதாக எழுதுங்கள். ஒன்று:

```
கே–த–க–கே–பு–த–ஆ–க–தெ–ஆ–பு
```

நிறம்? புதுச்சேரி கர்நாடகத்தைத் தொடவில்லை, அதனால் கர்நாடகத்தின் நிறத்தையே கொடுக்கலாம். χ இன்னும் 3.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். ஒவ்வொரு பகுதியும் ஒரே துண்டாக இருக்கும் வரைபடத்துக்குத்தான் நான்கு நிறத் தேற்றம். புதுச்சேரி மாதிரி சிதறிய பகுதிக்கு ஒரே நிறம்தான் என்று நிபந்தனை வைத்தால் அந்தத் தேற்றத்தை இழுக்க முடியாது. ஒவ்வொரு நாடும் இரண்டு துண்டு வரை இருக்கலாம் என்றாலே 12 நிறம் தேவைப்படும் வரைபடம் உண்டு என்று ஹீவுட் 1890-இலேயே காட்டிவிட்டார். நம் ஆறு முனை கிராஃபில் மூன்று போதும் என்பதற்கு ஆதாரம் மேலே கொடுத்த நிறமிடல்தான், அதை அப்படியே எழுதினால் போதும்.